ஓய்வு நாளில் கிடைக்கும் பணிக்கொடையும் விடுப்புத் தொகையும்: எவ்வளவுக்கு வரி இல்லை, மீதிக்கு என்ன கணக்கு?

ஓய்வுபெறும் நாளில் கம்பெனி தரும் இறுதிக் கணக்குத் தாளில் பெரும்பாலும் இரண்டு பெரிய தொகைகள் இருக்கும். ஒன்று, பல ஆண்டுப் பணிக்காகத் தரப்படும் பணிக்கொடை. அதைப் பலரும் கிராஜுவிட்டி என்றே சொல்கிறோம். மற்றொன்று, எடுக்காமல் சேர்த்துவைத்த ஈட்டிய விடுப்பைப் பணமாக மாற்றித் தரும் விடுப்புத் தொகை. பணிக்கொடைக்கு 20 லட்சம் வரை வரி இல்லை, விடுப்புத் தொகைக்கு 25 லட்சம் வரை வரி இல்லை என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆகவே 12 லட்சம் விடுப்புத் தொகை பெற்ற ஒருவரிடம், அதில் ஒரு பகுதிக்கு வரி பிடிக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னால், கம்பெனி தவறு செய்துவிட்டது என்றே அவர் முதலில் நினைப்பார். பல நேரங்களில் கம்பெனி செய்தது சரியாகவே இருக்கும். 20 லட்சமும் 25 லட்சமும் எவருக்கும் அப்படியே கிடைத்துவிடும் சலுகைத் தொகைகள் அல்ல; எந்தக் கணக்கிலும் தாண்டக் கூடாத மேல்வரம்புகள். உண்மையான விலக்கு அதற்குக் கீழே எங்கோ ஓரிடத்தில் நின்றுவிடலாம். அது எங்கே நிற்கிறது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் அறிய முடியும்.

முதலில் இந்தக் கணக்கு யாருக்குத் தேவையில்லை என்பதைச் சொல்லிவிடலாம். மத்திய அரசு, மாநில அரசு ஊழியர்கள் ஓய்வின்போது பெறும் பணிக்கொடைக்கும் விடுப்புத் தொகைக்கும் முழு விலக்கு உண்டு. உள்ளாட்சி அமைப்புகளின் ஊழியர்களுக்குப் பணிக்கொடையில் இதே முழு விலக்கு உண்டு என்றாலும், விடுப்புத் தொகைக்கான பிரிவு மத்திய, மாநில அரசு ஊழியர்களை மட்டுமே சொல்கிறது. பொதுத்துறை நிறுவனங்கள், அரசுடைமை வங்கிகள், கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஆகியவற்றின் ஊழியர்கள் பேச்சுவழக்கில் அரசு ஊழியர்கள் என்று அழைக்கப்பட்டாலும், இந்த விலக்கைப் பொறுத்தவரை தனியார் ஊழியர்களுடன் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். சம்பளம் தருவது அரசுக்குச் சொந்தமான நிறுவனம் என்பது போதாது. வேலைக்கு வைத்திருப்பது அரசாகவே இருக்க வேண்டும்.

மற்ற அனைவருக்கும் வருமான வரிச் சட்டம் ஒரே முறையைப் பின்பற்றுகிறது. சில தொகைகளைத் தனித்தனியே கணக்கிட்டு, அவற்றுள் எது மிகச் சிறியதோ அதற்கு மட்டும் விலக்குத் தருகிறது. கைக்கு வந்த தொகையில் அதைக் கழித்தபின் எஞ்சுவது, அந்த ஆண்டின் சம்பள வருமானத்தோடு சேர்ந்துவிடும்.

இனி ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு அதையே கடைசிவரை தொடர்வோம். கோயம்புத்தூரில் ஒரு தனியார் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த ஒருவர், 1993 ஆகஸ்ட் 10 அன்று வேலைக்குச் சேர்ந்து, 2025 மே 31 அன்று ஓய்வுபெற்றார் என்று கொள்வோம். அவருடைய பணிக்காலம் 31 ஆண்டுகளும் ஒன்பது மாதங்களுக்குச் சற்று மேலும் ஆகிறது. கடைசி மாதத்தில் அவருடைய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து ரூ.1,20,000, வீட்டு வாடகைப் படி முதலியவை தனியாக ரூ.30,000. இந்த எடுத்துக்காட்டு 2025 மே மாதத்தது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின் இடத்தைச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறது. அதில் ஊதியம் என்பதன் வரையறை மாறியிருப்பதால், அதற்குப் பின் ஓய்வுபெறுவோர் 'கடைசிச் சம்பளம்' என்ற இடத்தில் எந்த எண்ணைப் போடுவது என்பதைத் தங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பணிக்கொடையிலிருந்து தொடங்குவோம். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் நிறுவனங்களுக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்பதால், நம் மேற்பார்வையாளருக்கும் அது பொருந்துகிறது. அப்படிப் பொருந்துவோருக்கு ஒப்பிட வேண்டிய தொகைகள் மூன்று: கைக்கு வந்த பணிக்கொடை, சட்டத்தின் வாய்பாட்டின்படி வரும் தொகை, ரூ.20 லட்சம் என்ற மேல்வரம்பு. வாய்பாடு இதுதான்:

கடைசிச் சம்பளம் × 15 ÷ 26 × பணி ஆண்டுகள்

ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்பது இதன் பொருள். மாதத்தில் வாராந்திர ஓய்வு நாட்களைத் தள்ளி 26 வேலை நாட்கள் என்று கொள்வதால், மாதச் சம்பளத்தை 30ஆல் வகுக்காமல் 26ஆல் வகுக்கிறோம். இது ஊழியருக்குச் சாதகமானது. சம்பளம் என்பது இங்கே அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் மட்டுமே. வீட்டு வாடகைப் படி, போனஸ், மிகைநேர ஊதியம் எதுவும் சேராது. ஆண்டுக் கணக்கில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மீதி இருந்தால் அது முழு ஆண்டாக எண்ணப்படும். ஆகவே நம்மவருக்கு 31 ஆண்டு ஒன்பது மாதம் என்பது 32 ஆண்டுகளாகிறது.

எண்களைப் போட்டால் 1,20,000 × 15 ÷ 26 × 32 = ரூ.22,15,385 வருகிறது. சட்டம் கட்டாயமாக்கும் பணிக்கொடையும் 20 லட்சத்தோடு நின்றுவிடும் என்றாலும், அதைவிடக் கூடுதலாகத் தர நிறுவனத்துக்குத் தடை இல்லை. இவருடைய கம்பெனி வரம்பு பார்க்காமல் வாய்பாட்டின்படி முழுத் தொகையையும் தந்துவிட்டது. மூன்று தொகைகளில் சிறியது 20 லட்சம் என்பதால் அதற்கு விலக்கு, ரூ.2,15,385 வரிக்கு உட்படும் மீதி. இவருக்கு மேல்வரம்புதான் குறுக்கே நின்றது.

ஆனால் எல்லோருக்கும் மேல்வரம்பு குறுக்கே நிற்பதில்லை. அதே 32 ஆண்டு பணிசெய்த இன்னொருவருக்குக் கடைசிச் சம்பளம் ரூ.50,000 என்றால், வாய்பாடு தருவது ரூ.9,23,077. அவருடைய கம்பெனி தாராளமாக 12 லட்சம் தந்திருந்தால், 20 லட்சத்துக்குக் குறைவுதானே என்று அவர் நிம்மதியாக இருந்துவிட முடியாது. வாய்பாட்டுத் தொகையே மிகச் சிறியது என்பதால் ரூ.9,23,077க்கு மட்டுமே விலக்கு; மீதி ரூ.2,76,923 வரிக்கு உட்படும். சட்டம் கணக்கிடும் தொகைக்கு மேல் நிறுவனம் மனமுவந்து தரும் ஒவ்வொரு ரூபாயும் வரிக்குள் வந்துவிடுகிறது.

பணிக்கொடைச் சட்டம் பொருந்தாத இடத்தில் வேலை செய்தவர்களுக்கு வாய்பாடு இன்னும் இறுக்கமானது. அவர்களுக்குக் கடைசி மாதச் சம்பளத்துக்குப் பதிலாக, ஓய்வுபெறும் மாதத்துக்கு முந்தைய பத்து மாதங்களின் சராசரி எடுக்கப்படும். 26 நாள் கணக்கு இல்லாமல் வெறும் அரை மாதச் சம்பளம். முழுமையான ஆண்டுகள் மட்டுமே எண்ணப்படும், ஒன்பது மாதமோ பதினோரு மாதமோ மீதி இருந்தாலும் அது விட்டுப்போகும். நம்மவருக்கு 2025 மார்ச் வரை அடிப்படையும் அகவிலைப்படியும் ரூ.1,10,000 ஆகவும், ஏப்ரல் முதல் ரூ.1,20,000 ஆகவும் இருந்தது என்றால், ஜூலை முதல் ஏப்ரல் வரையிலான பத்து மாதச் சராசரி ரூ.1,11,000. அதில் பாதியை 31 ஆண்டுகளால் பெருக்கினால் ரூ.17,20,500. சட்டம் பொருந்தாத நிறுவனமாக இருந்திருந்தால் இவருடைய விலக்கு அங்கேயே நின்று, மீதி ரூ.4,94,885 ஆகியிருக்கும். தொகை ஒன்றே, மனிதரும் ஒருவரே. எந்த வாய்பாடு என்பதில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல் வேறுபாடு. இறுதிக் கணக்குத் தாளில் எந்த வாய்பாடு பயன்படுத்தப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இங்கே பரவலாக இருக்கும் ஒரு குழப்பத்தையும் நீக்கிவிட வேண்டும். மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி 50 விழுக்காட்டைத் தொட்டதையடுத்து, அவர்களுக்குத் தரத்தக்க பணிக்கொடையின் வரம்பு 2024 ஜனவரி 1 முதல் 20 லட்சத்திலிருந்து 25 லட்சமாக உயர்ந்தது. அது அவர்களுக்கு எவ்வளவு தரலாம் என்பதற்கான வரம்பு. தனியார், பொதுத்துறை ஊழியர்களின் வரி விலக்கு வரம்பு அதனால் மாறவில்லை. 2018 மார்ச் 29 முதல் நடைமுறையில் உள்ள 20 லட்சமே தொடர்கிறது.

அடுத்து விடுப்புத் தொகை. இந்தக் கணக்கே இரண்டில் கடினமானது, தவறுகள் மிகுதியாக நேர்வதும் இதில்தான். ஒப்பிட வேண்டியவை நான்கு: கைக்கு வந்த தொகை; பத்து மாதச் சராசரிச் சம்பளத்தின் பத்து மடங்கு; ஓய்வு நாளில் கணக்கில் மீதமிருந்த விடுப்பின் பண மதிப்பு; ரூ.25 லட்சம் என்ற மேல்வரம்பு. இவற்றில் சராசரிச் சம்பளம் என்பது கடைசிப் பத்து மாதங்களின் அடிப்படைச் சம்பளம், பணி நிபந்தனைகளின்படி ஓய்வூதியப் பலன்களுக்குக் கணக்கில் கொள்ளப்படும் அகவிலைப்படி ஆகியவற்றின் சராசரி.

பத்து மாதம், 25 லட்சம் என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்பது அறியத்தக்கது. 2002இல் இந்த வரம்பு 3 லட்சமாக வைக்கப்பட்டபோது அரசின் மிக உயர்ந்த அடிப்படைச் சம்பளம் மாதம் ரூ.30,000, அதன் பத்து மடங்குதான் 3 லட்சம். சம்பளங்கள் எத்தனையோ மடங்கு உயர்ந்த பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த 3 லட்சமே நீடித்ததால், தனியார், பொதுத்துறை ஊழியர்கள் ஓய்வின்போது பெரும் வரி கட்ட நேர்ந்தது. இது அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயம் என்றே நான் கருதுகிறேன். 2023 பிப்ரவரி வரவு செலவுத் திட்ட உரையில் அறிவிக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 25 லட்சம், இப்போதைய உச்ச அடிப்படைச் சம்பளமான ரூ.2,50,000இன் பத்து மடங்கு.

நம் மேற்பார்வையாளருக்குக் கணக்கில் 300 நாள் விடுப்பு மீதமிருந்தது. கம்பெனி கடைசிச் சம்பளத்தின்படி நாளொன்றுக்கு ரூ.4,000 வீதம் 12 லட்சம் தந்தது. இந்தக் கணக்கில் ஓய்வுபெற்ற மே மாதமும் சேரும்; ஆகஸ்ட் முதல் மே வரையிலான சராசரிச் சம்பளம் ரூ.1,12,000 என்பதால் பத்து மாதத் தொகை ரூ.11,20,000. அவருக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு என்பதே கம்பெனியின் விதியாக இருந்தால், 300 நாளின் பண மதிப்பும் சராசரிச் சம்பளப்படி அதே ரூ.11,20,000தான். ஆகவே விலக்கு ரூ.11,20,000, மீதி ரூ.80,000. கம்பெனி கடைசிச் சம்பளத்தைக் கொண்டு தொகை தந்தது, வரிச் சட்டமோ சராசரியைக் கொண்டு விலக்கை அளந்தது. அந்த இடைவெளிதான் இந்த ரூ.80,000. ஓய்வுக்குச் சற்று முன் ஊதிய உயர்வு பெற்ற எவருக்கும் இப்படி ஒரு சிறு மீதி வரலாம்.

கம்பெனி ஆண்டுக்கு 33 நாள் விடுப்புத் தருவதாக இருந்தால் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடும். ஓராண்டுப் பணிக்கு 30 நாளுக்கு மேல் விடுப்பு உரிமையை வரிச் சட்டம் ஏற்பதில்லை. கம்பெனிக் கணக்கில் 31 முழு ஆண்டுகளுக்கு 1,023 நாள் சேர்ந்து, அதில் 723 நாளை அவர் எடுத்தோ இடையில் பணமாக்கியோ தீர்த்திருக்க, 300 நாள் மீதமிருக்கிறது. வரிக் கணக்கிலோ 31 ஆண்டுகளுக்கு 930 நாளே உரிமை. எடுத்த 723 நாளை அதிலிருந்து முழுமையாகக் கழித்தால் எஞ்சுவது 207 நாள், அதாவது 6.9 மாதம். அதன் மதிப்பு ரூ.7,72,800. விலக்கு அதோடு நின்றுவிட, மீதி ரூ.80,000இலிருந்து ரூ.4,27,200 ஆகத் தாவுகிறது. ஆண்டுக்கு மூன்றே நாள் கூடுதல் என்பது அற்பமாகத் தோன்றினாலும், 31 ஆண்டுகளில் அது 93 நாளாகச் சேர்ந்து, அத்தனையும் மீதமுள்ள விடுப்பின் தலையிலிருந்தே கழிகிறது. ஆகவே ஓய்வுக்குச் சில மாதங்களுக்கு முன்பே விடுப்புப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கி, ஆண்டுக்கு எத்தனை நாள் வரவு வைக்கப்பட்டது, எத்தனை நாள் எடுக்கப்பட்டது என்ற இரண்டு எண்களையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பழைய பதிவேடு கணினிக்கு மாறும்போது எடுத்த நாட்கள் இருமுறை பதிவாகியிருந்தால், விலக்கு அந்த அளவுக்குக் குறைந்துபோகும்.

பணியில் இருக்கும்போதே விடுப்பை ஒப்படைத்துப் பெறும் பணத்துக்கு இந்த விலக்கு எதுவும் கிடையாது. அரசு ஊழியருக்கும் அது முழுமையாக வரிக்கு உட்பட்டதே. மேலும் 20 லட்சம், 25 லட்சம் இரண்டும் வாழ்நாளுக்கான வரம்புகள். முன்னர் வேறொரு நிறுவனத்திலிருந்து விலகியபோது விடுப்புத் தொகையில் ரூ.1,50,000க்கு விலக்குப் பெற்றிருந்தால், இப்போது மீதமுள்ள வரம்பு ரூ.23,50,000 மட்டுமே. புதிய கம்பெனிக்குப் பழையது தெரியாது என்பதால் இதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு ஊழியருடையது.

முதல் கணக்கின்படி நம்மவரின் மொத்த மீதி ரூ.2,15,385 + ரூ.80,000 = ரூ.2,95,385. இதற்குத் தனி வரி விகிதம் எதுவும் இல்லை. அந்த நிதியாண்டின் மற்ற வருமானத்தோடு சேர்ந்து, அது எந்தப் படியில் விழுகிறதோ அந்த வரி. ஆகவே ஓய்வு நாள் நிதியாண்டின் எந்தப் பக்கத்தில் விழுகிறது என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. இவர் 2025 மே மாதம் ஓய்வுபெற்றதால், 2025-26ஆம் நிதியாண்டில் இவருக்குச் சம்பளம் இரண்டு மாதத்துக்கான ரூ.3,00,000 மட்டுமே. வங்கி வட்டி ரூ.2,40,000 என்று கொண்டு, மீதியையும் சேர்த்து, நிலைக்கழிவு ரூ.75,000ஐக் கழித்தால் வருமானம் ரூ.7,60,385. புதிய வரி முறையில் அந்த ஆண்டு 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால் கட்ட வேண்டிய வரி எதுவும் இல்லை. இதே மீதி 2025 மார்ச் 31 அன்று ஓய்வுபெற்ற ஒருவருக்கு வந்திருந்தால், ஆண்டு முழுவதுக்குமான சம்பளமே அவரை 30 விழுக்காட்டுப் படிக்குக் கொண்டுசென்றிருக்கும், அந்த ரூ.2,95,385க்கு மட்டும் கூடுதல் தீர்வையும் சேர்த்து ஏறத்தாழ ரூ.92,160 வரியாகும். பணிக்கொடை விலக்கும் விடுப்பு விலக்கும் பழைய, புதிய வரி முறைகள் இரண்டிலும் உண்டு என்பதால், அவற்றுக்காக மட்டும் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை.

அப்படி மார்ச்சில் ஓய்வுபெற்றவருக்குச் சட்டம் ஒரு தணிப்பைத் தருகிறது. பல ஆண்டு உழைப்பின் பலன் ஒரே ஆண்டில் வருவதால் வரி விகிதம் உயர்ந்துவிடுகிறது என்பதை ஏற்று, வரிக்கு உட்படும் பணிக்கொடைக்கு 89ஆம் பிரிவு நிவாரணம் அளிக்கிறது. பணிக்காலம் 15 ஆண்டுகளுக்குக் குறையாதிருந்தால், அந்தப் பணிக்கொடையில் மூன்றில் ஒரு பங்கை முந்தைய மூன்று ஆண்டுகளின் வருமானத்தோடு தனித்தனியே சேர்த்து, அந்த ஆண்டுகளின் சராசரி வரி விகிதத்தைக் கண்டு, இப்போதைய சராசரி விகிதத்தோடு ஒப்பிடுவார்கள். முந்தையது குறைவாக இருந்தால் அந்த வேறுபாடு நிவாரணமாகும். பணிக்காலம் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமலும் 15க்குக் குறைவாகவும் இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குப் பாதிப் பாதியாகப் பிரிப்பார்கள். முந்தைய ஆண்டுகளிலும் வருமானம் இதே உயரத்தில் இருந்தவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. நிவாரணம் கோருவோர், வருமான வரித் தளத்தில் படிவம் 10E-ஐ நிரப்பிய பிறகே வருமான விவர அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். படிவம் இல்லாமல் அறிக்கையில் மட்டும் நிவாரணத்தைக் காட்டினால் அது நிராகரிக்கப்படும்.

கடைசியாக, கம்பெனி தரும் படிவம் 16-இன் இரண்டாம் பகுதியைப் பார்க்க வேண்டும். மொத்தச் சம்பளத்தில் முழுப் பணிக்கொடையும் முழு விடுப்புத் தொகையும் சேர்ந்திருக்க வேண்டும். அதன் கீழே 10(10), 10(10AA) என்ற இரு பிரிவுகளின் வரிசைகளில் விலக்குத் தொகைகள், நம்மவருக்கு முறையே ரூ.20,00,000, ரூ.11,20,000, பதிவாகியிருக்க வேண்டும். அந்த வரிசைகள் வெறுமையாகவோ, விடுப்பு வரிசையில் பழைய பழக்கத்தில் ரூ.3,00,000 என்றோ இருந்தால் கம்பெனியிடம் திருத்திய படிவம் கேட்க வேண்டும். திருத்தித் தர மறுத்தாலும் விலக்கு உரிமை போய்விடாது. கணக்குத் தாளையும் விடுப்புப் பதிவேட்டு நகலையும் கையில் வைத்துக்கொண்டு அறிக்கையில் நேரடியாகக் கோரலாம். கோரும்போது பலர் வரிக்கு உட்படும் மீதியை மட்டும் சம்பளமாக எழுதிவிடுகிறார்கள். வரித்துறையிடம் உள்ள விவரத்தில் முழுத் தொகை இருப்பதால் இரண்டும் பொருந்தாமல் அறிவிப்பு வருகிறது. முழுத் தொகையையும் மொத்தச் சம்பளத்தில் காட்டிவிட்டு, விலக்குப் படிகளுக்கான இடத்தில் அந்தந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்துக் கழிப்பதே சரியான முறை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருப்பதால், அதற்குப் பிறகு ஓய்வுபெறுவோர் இந்த எண்களைத் தேடாமல் பணிக்கொடை, விடுப்புத் தொகை என்ற பெயர்களைக் கொண்டே உரிய வரிசையைக் கண்டுகொள்ள வேண்டும்.